நீலப் புகை விடும் 100 சிசி வண்டி: ஹெட் நட்டுக்கு டார்க் எவ்வளவு வைக்க வேண்டும்?

காவிரிக்கரை
ஞாயிறு, காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் அப்பா ஓட்டும் 100 சிசி நாலு ஸ்ட்ரோக் வண்டி ஒன்று இருக்கிறது. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் முதல் கிக்கில் ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் ஒரு நிமிடம் நீலப் புகை வரும். பிறகு நின்றுவிடும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடி இறங்கிவிட்டு, கீழே வந்து முறுக்கினால் மறுபடி ஒரு கொத்துப் புகை. நேர் சாலையில் போகும்போது புகை இல்லை, இழுவையும் குறையவில்லை. 2,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுகிறேன். 900 மில்லி ஊற்றினால் திரும்ப வடிக்கும்போது 600 தான் வருகிறது.

பக்கத்து மெக்கானிக் பார்த்துவிட்டு ரிங் செட் போய்விட்டது, ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்றார். அந்த வேலையை நானே பிரித்துச் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் பிடிஎஃப் கிடைத்துவிட்டது, 300 பக்கத்துக்கு மேல். அதில் ஹெட் நட்டு டார்க் எந்தப் பக்கத்தில் இருக்கும்? என்னிடம் அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் உள்ளது, 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை.

கருப்பு ஸ்பேனர்
ஞாயிறு, காலை 10.02

தம்பி, 62,000 ஓடிவிட்டது என்றாலே இந்த வண்டிக்கு லிமிட் முடிந்த மாதிரிதான். நான் 25 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், புகை வந்தால் நூற்றுக்கு எழுபது ரிங் வேலைதான். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை இருக்கிறது. கம்ப்ரஷன் பாருங்கள். பிறகு பிளக் ஓட்டை வழியாக ஒரு மூடி எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. டார்க் ரெஞ்ச்செல்லாம் இந்தச் சின்ன வண்டிக்குத் தேவையில்லை, கை சொல்லும்.

கோத்தகிரி ரைடர்
ஞாயிறு, காலை 11.30

எங்கள் ஊரில் டிசம்பர் மாதம் எல்லா வண்டியும் காலையில் புகைவிடும், பயப்படாதீர்கள். என் வண்டியும் ஐந்து வருஷமாக அப்படித்தான். எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். சைலன்ஸரில் தேங்கிய தண்ணீர்தான் அது. பிரிக்கவே தேவையில்லை.

ஐடிஐ வாத்தியார்
ஞாயிறு, மாலை 4.15

கோத்தகிரி நண்பர் சொல்வது வெள்ளை ஆவி. அது சைலன்ஸர் வாயிலிருந்து ஒரு முழம் போவதற்குள் கரைந்துவிடும், வாசனை இருக்காது. இவர் சொல்வது நீலம், இறக்கத்துக்குப் பிறகும் வருகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது வருவது தண்ணீராக இருக்க முடியாது.

காவிரிக்கரை, நீங்கள் கேட்டது மேனுவலின் கடைசிப் படி. அந்த எண்ணை இப்போதே தேடாதீர்கள், ஹெட்டைக் கழற்ற வேண்டுமா என்பதே இன்னும் தெரியாது. சிலிண்டர் ஹெட் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைத் திறங்கள். இந்த மாதிரி மேனுவல்களில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே அமைப்பில்தான் தொடங்கும். முதலில் அளவு அட்டவணை, அடுத்து டார்க், அடுத்து தேவையான கருவிகள், அப்புறம் பழுது தேடும் பகுதி. படிக்கும்போது அந்தக் கடைசிப் பகுதியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

அங்கே "அதிகப் புகை" என்ற தலைப்பின் கீழ் வால்வு ஸ்டெம், கைடு, ஸ்டெம் சீல் என்று இருக்கும். சிலிண்டர் அத்தியாயத்தில் அதே தலைப்பின் கீழ் போர், பிஸ்டன், ரிங் என்று இருக்கும். ஒரே நோய் இரண்டு அத்தியாயத்தில் இருப்பதால்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். இரண்டையும் பிரிப்பது புகை எப்போது வருகிறது என்பது. ரிங் தேய்ந்தால் இழுக்கும்போது, முறுக்கி ஏறும்போது புகை தொடர்ந்து வரும். இரவெல்லாம் ஹெட்டில் நின்ற ஆயில் ஸ்டெம் வழியே சொட்டியிருந்தால் காலையில் முதல் நிமிடம் வரும். ஆக்ஸிலரேட்டரை மூடி இறங்கும்போது இன்லெட் பக்கம் உறிஞ்சல் அதிகம். அப்போது இன்லெட் சீல் வழியாக ஆயில் உள்ளே போகும், மறுபடி திறக்கும்போது எரியும். நீங்கள் எழுதியது அப்படியே இந்த இரண்டாவது படம்.

ஆனால் வார்த்தையை வைத்து முடிவு செய்ய வேண்டாம், கம்ப்ரஷன் பாருங்கள். கருப்பு ஸ்பேனர் அண்ணன் சொன்ன சோதனை சரியானதுதான். எப்படிச் செய்வது என்பதை மட்டும் மேனுவலில் படித்துவிட்டுச் செய்யுங்கள். எஞ்சின் சூடாக, ஆக்ஸிலரேட்டர் முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை கிக் அடிக்க வேண்டும்.

இன்னொன்று, ஆயில் அளவுக்கு மேனுவலில் எத்தனை எண் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை
திங்கள், இரவு 8.40

வாத்தியார் ஐயா, இரண்டு எண் இருக்கிறது. வடித்த பின் 0.7 லிட்டர். எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கோர்த்த பின் 0.9 லிட்டர். கடையில் 900 மில்லி பாட்டிலாகக் கிடைப்பதால் ஒவ்வொரு முறையும் முழுப் பாட்டிலையும் ஊற்றி வந்திருக்கிறேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் அடைப்போடு தொங்குகிறது, அதைக் கழற்றினேன். கறுப்பு ஆயில் ஒரு தம்ளர் வந்தது.

கம்ப்ரஷன் கேஜ் நண்பனிடம் வாங்கினேன். மேனுவல் சொல்வது 12, கூடவோ குறையவோ 1.5 கிலோ. முதலில் காலையில் குளிர்ந்த எஞ்சினில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பார்த்தேன், 7 வந்தது. பயந்துவிட்டேன். பிறகு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு முழுக்கத் திறந்து பார்த்தால் 11. சரி என்று அண்ணன் சொன்னபடி பாட்டில் மூடியில் பாதி, 5 மில்லி இருக்கும், ஊற்றிப் பார்த்தேன். 15 காட்டியது. அப்படியானால் ரிங் தானே?

கருப்பு ஸ்பேனர்
திங்கள், இரவு 8.55

பார்த்தீர்களா. 11இலிருந்து 15க்கு ஏறுகிறது என்றால் ரிங் வழியாகத்தான் காற்று ஓடியிருக்கிறது. பிளாக்கை லேத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஐடிஐ வாத்தியார்
திங்கள், இரவு 9.40

கொஞ்சம் பொறுங்கள், இந்த 15ஐ நம்ப முடியாது. கணக்கு போட்டால் தெரியும்.

உங்கள் எஞ்சின் 97 சிசி, கம்ப்ரஷன் விகிதம் 9 என்று மேனுவலின் பொது அட்டவணையில் இருக்கும். அப்படியானால் பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிச்சம் இருக்கும் இடம் 97ஐ 8ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 12 சிசி. அந்த 12இல் 5 மில்லி ஆயில் நின்றால் காற்றுக்கு 7 சிசிதான் மிச்சம். ரிங் புதிதாக இருந்தாலும் முள் ஏறும். கார் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 40, 50 சிசி இடம் இருக்கும், அங்கே ஒரு மூடி ஆயில் பெரிய விஷயம் இல்லை. அண்ணனுக்குக் காரில் இந்த வழி சரியாக வந்திருக்கும். சின்ன எஞ்சினில் அதே மூடி பொய் சொல்லும். இன்னும் கூடுதலாக ஊற்றினால் ஆயில் நசுங்காமல் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும் அபாயமும் உண்டு.

ஊசி போடும் சிரிஞ்சில் 1 மில்லி எடுத்து ஊற்றுங்கள். கேஜை மாட்டாமல் பிளக் ஓட்டை திறந்திருக்க நாலைந்து கிக் அடியுங்கள், ஆயில் சுவர் முழுக்கப் பரவட்டும். உங்கள் சிலிண்டர் படுத்திருக்கும் வகை, பரவாவிட்டால் கீழ்ப்பக்கம் மட்டும் தேங்கும். கிக் அடிக்கும்போது ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். அப்புறம் கேஜை மாட்டிப் பாருங்கள். முன்பு ஊற்றிய ஆயில் போக வேண்டும், அதனால் இன்று வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு நாளை செய்யுங்கள்.

காவிரிக்கரை
செவ்வாய், இரவு 7.50

செய்தேன் ஐயா. உலர்ந்த நிலையில் 11, ஆயிலோடு 11.6. மூன்று முறை பார்த்தேன், 11.5க்கும் 11.7க்கும் நடுவில்தான்.

ஐடிஐ வாத்தியார்
செவ்வாய், இரவு 8.20

அந்த அரைப் புள்ளி ஏற்றம் 1 மில்லி ஆயில் பிடித்த இடத்துக்கே சரியாகப் போகும். ரிங் நன்றாகவே அடைக்கிறது. 11 என்பதும் மேனுவல் சொன்ன எல்லைக்குள்தான். ரீபோர் வேண்டாம். ஹெட்டை மட்டும் இறக்குங்கள்.

ஆயில் குறைவதைப் பற்றி: 200 மில்லி கூடுதலாக இருந்தது பிரீதர் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போயிருக்கிறது, அந்தத் தம்ளர் ஆயில் அதற்குச் சாட்சி. வண்டி தின்ற 300 மில்லியில் எவ்வளவு இப்படிப் போனது, எவ்வளவு எரிந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. இனி 0.7 மட்டும் ஊற்றி 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் தெரியும்.

தாமரை
செவ்வாய், இரவு 9.05

ஹெட்டைப் பிரிக்கப் போகிறீர்கள் என்பதால் என் கதையைச் சொல்கிறேன். எனக்கு ஸ்கூட்டர். போன வருஷம் டேப்பட் வைத்துவிட்டு கவர் போல்ட்டை மேனுவல் பார்த்தே இறுக்கினேன். மேனுவலில் "12 நியூட்டன் மீட்டர், 1.2 கிலோகிராம் மீட்டர், 9 அடி பவுண்டு" என்று மூன்றும் ஒரே வரியில் இருந்தது. நான் 12ஐ மனதில் வைத்துக்கொண்டேன். என் ரெஞ்சின் தண்டில் இரண்டு பக்கமும் அளவு கோடுகள் உண்டு. வெளிச்சம் விழுந்த பக்கம் அடி பவுண்டு. 12 அடி பவுண்டு என்றால் 16 நியூட்டன் மீட்டருக்கு மேல். மூன்றாவது போல்ட்டில் கிளிக் வருவதற்குள் கை சொத்தென்று இளகியது. அலுமினிய ஹெட்டில் 6 மில்லிமீட்டர் மரை உரிந்துவிட்டது. லேத்தில் ஹெலிகாயில் போட்டு மீட்டோம்.

அதிலிருந்து வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு தாளில் எல்லா டார்க்கையும் ஒரே அலகில் எழுதி, ரெஞ்சின் வேண்டாத பக்கத்துக் கோடுகளை டேப் ஒட்டி மறைத்துவிடுகிறேன்.

கருப்பு ஸ்பேனர்
செவ்வாய், இரவு 9.30

அக்கா சொல்வதையே பாருங்கள். ரெஞ்ச் வைத்திருந்ததால்தான் மரை போனது. கையால் இறுக்கியிருந்தால் இளகுவதற்கு முன்பே தெரிந்திருக்கும். நான் போல்ட்டுக்கெல்லாம் ஒரு சொட்டு கிரீஸ் தடவி கையாலேயே இறுக்குகிறேன், இதுவரை ஒன்று கூடத் தளர்ந்ததில்லை.

ஐடிஐ வாத்தியார்
புதன், காலை 6.45

அண்ணே, உங்கள் கையை நான் குறைவாகச் சொல்லவில்லை. 6 மில்லிமீட்டர் கவர் போல்ட்டில் அந்தக் கை போதும். ஹெட் நட்டில் கேள்வி வேறு. அங்கே நான்கும் சமமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரு மூலை தளர்ந்தால் கேஸ்கெட் அந்தப் பக்கம் ஊதும், ஒரு மூலை கூடினால் சிலிண்டர் வாய் வட்டம் மாறும். ஒரு நாள் நேரம் இருந்தால் நீங்களே நான்கு நட்டைக் கையால் இறுக்கிவிட்டு, முள் வைத்த டார்க் ரெஞ்சால் இறுக்கும் திசையிலேயே மெல்லத் தள்ளி, நட்டு நகரத் தொடங்கும் இடத்தில் முள் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

கிரீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். டார்க் என்பது நாம் முறுக்கும் விசை. நமக்கு வேண்டியது ஸ்டட் எவ்வளவு இழுபடுகிறது என்பது. முறுக்கும் விசையில் பெரும் பங்கு மரையிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வுக்கே போய்விடும். ஆயில் தடவினால் உராய்வு குறைந்து, அதே எண்ணில் ஸ்டட் அதிகமாக இழுபடும். அதனால்தான் மேனுவலில் டார்க் அட்டவணையின் கடைசிப் பத்தியில் குறிப்பு இருக்கிறது. "மரையிலும் அடிப்பரப்பிலும் ஆயில் தடவவும்" என்று எழுதியிருந்தால் ஆயிலோடுதான் அந்த எண் பொருந்தும், உலர்ந்து இறுக்கினால் ஹெட் தளர்வாக நிற்கும். எழுதாத இடத்தில் தடவினால் அதே எண் மரையை உரிக்கும். எண்ணைப் பார்ப்பவர்கள் அந்தப் பத்தியைப் பார்ப்பதில்லை.

காவிரிக்கரை, உங்கள் மேனுவலில் ஹெட் நட்டு என்ன?

காவிரிக்கரை
புதன், இரவு 9.15

20 நியூட்டன் மீட்டர், ஆயில் தடவவும் என்று குறிப்பு இருக்கிறது. அப்படியானால் என் ரெஞ்ச் உதவாது, அது 28இல்தான் தொடங்குகிறது. தாமரை அக்கா சொன்னபடி தாளில் எழுதும்போதுதான் கவனித்தேன்.

இன்று ஹெட்டை இறக்கிவிட்டேன். போரை வெர்னியரால் அளந்தேன், 50.14 வந்தது. மேனுவலில் சர்வீஸ் லிமிட் 50.10. கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் லிமிட் தாண்டியிருக்கிறதே, ரீபோர் செய்துதான் ஆக வேண்டுமா?

லேத் பட்டறை
புதன், இரவு 10.00

வெர்னியரால் போர் அளக்காதீர்கள். அதன் உள்தாடை தட்டையான விளிம்பு, வளைவில் உட்காரும் விதம் ஒவ்வொரு முறையும் மாறும். கொஞ்சம் சாய்ந்தாலும் எண் கூடும். நீங்கள் தேடும் வித்தியாசம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர். அதற்கு டயல் போர் கேஜ் வேண்டும். மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்து, அதில் வரும் மிகப் பெரிய எண்ணைத்தான் லிமிட்டோடு ஒப்பிட வேண்டும். பிளாக்கைக் கழற்றவே வேண்டாம். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு மேல் பாகத்தை அளந்தாலே போதும், தேய்மானம் அதிகம் இருப்பது அங்கேதான். நகத்தால் சுவரை மேலிருந்து கீழே வருடிப் பாருங்கள், ரிங் திரும்பும் இடத்தில் படி தட்டுகிறதா?

காவிரிக்கரை
வியாழன், இரவு 8.30

படி எதுவும் தட்டவில்லை. பக்கத்து ஊர் பட்டறைக்காரர் போர் கேஜோடு வீட்டுக்கே வந்தார். மேலே ஒரு திசையில் 50.045, இன்னொரு திசையில் 50.035. லிமிட் 50.10. நிம்மதி. பிளாக்கைத் தொடவில்லை.

வால்வுக்கு வருகிறேன். அவரிடமே மைக்ரோமீட்டரும் சிறு துளை கேஜும் இருந்தன. மேனுவல் அட்டவணையில் ஸ்டெம்முக்கு ஒரு லிமிட், கைடுக்கு ஒரு லிமிட். ஸ்டெம் 4.92க்குக் கீழே போகக்கூடாது, கைடு 5.03க்கு மேலே போகக்கூடாது. இன்லெட் ஸ்டெம் 4.966, கைடு 5.014. எக்ஸாஸ்ட் ஸ்டெம் 4.924, கைடு 5.010. நான்கும் உள்ளேதான். சீல் இரண்டும் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிட்டன, விரலால் அழுத்தினால் வளையவில்லை. சீலை மட்டும் மாற்றிக் கோர்த்துவிடலாம் அல்லவா?

ஐடிஐ வாத்தியார்
வியாழன், இரவு 9.20

இரண்டு விஷயம். அட்டவணையில் அந்த இரண்டு வரிக்கும் கீழே மூன்றாவது ஒரு வரி இருக்க வேண்டும், ஸ்டெம்முக்கும் கைடுக்கும் இடையில் உள்ள இடைவெளி. அதற்கும் தனி லிமிட் உண்டு. பாருங்கள்.

அடுத்தது, எக்ஸாஸ்ட் கைடு இன்லெட்டைவிடக் குறைவாகத் தேய்ந்திருக்கிறது என்பது எனக்கு உறுத்துகிறது. எக்ஸாஸ்ட் பக்கம்தான் சூடு அதிகம், ஸ்டெம்மும் அதிகம் தேய்ந்திருக்கிறது. கைடு மட்டும் எப்படித் தப்பியது? அளக்கும் முன் கைடுக்குள் இருந்த கார்பனை எடுத்தீர்களா? மேனுவலில் கைடு அளக்கும் படத்துக்கு மேலே ஒரு வரி இருக்கும்.

காவிரிக்கரை
வெள்ளி, இரவு 7.35

இருக்கிறது. "அளப்பதற்கு முன் ரீமர் விட்டுக் கார்பனை அகற்றவும்." படத்தைப் பார்த்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

பட்டறைக்காரர் இன்று ரீமர் விட்டார். கறுப்புத் தூள் வந்தது. இப்போது எக்ஸாஸ்ட் கைடு 5.028. மூன்றாவது வரியையும் பார்த்தேன். இடைவெளி லிமிட் இன்லெட்டுக்கு 0.08, எக்ஸாஸ்ட்டுக்கு 0.10. இன்லெட் 5.014இல் 4.966 போனால் 0.048, சரி. எக்ஸாஸ்ட் 5.028இல் 4.924 போனால் 0.104. ஸ்டெம்மும் பாஸ், கைடும் பாஸ், ஜோடியாகச் சேர்த்தால் ஃபெயில். நேற்றைய கார்பனோடு கணக்குப் போட்டிருந்தால் 0.086 வந்திருக்கும், பாஸ் என்று நினைத்து மூடியிருப்பேன்.

ஐடிஐ வாத்தியார்
வெள்ளி, இரவு 8.10

அதேதான். இரண்டு பாகமும் தத்தம் லிமிட்டின் ஓரத்தில் இருந்தால் இடைவெளி 0.11 வரை போகலாம், அதைத் தடுக்கத்தான் மூன்றாவது வரி. இந்த ஆட்டத்தில் புதுச் சீல் போட்டாலும் ஸ்டெம் பக்கவாட்டில் அசைந்து சீலின் உதட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். சில மாதத்தில் அதே புகை.

புது எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று வாங்கி, பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளந்து, பழைய கைடோடு இடைவெளி எவ்வளவு வருகிறது என்று சொல்லுங்கள்.

காவிரிக்கரை
சனி, மதியம் 1.20

புது வால்வு ஸ்டெம் 4.962. பழைய கைடோடு 0.066. லிமிட்டுக்குள் வந்துவிட்டது.

லேத் பட்டறை
சனி, மதியம் 2.45

எண் உள்ளே வந்தாலும் நான் கைடையும் மாற்றச் சொல்வேன். கைடு லிமிட்டுக்கு இன்னும் 0.002 தான் மிச்சம். ஹெட் இப்போது மேசையில் இருக்கிறது, மறுபடி இறக்க ஒரு நாள் வேலை. மாற்றினால் ஹெட்டை அடுப்பு மாதிரி சமமாகச் சூடாகும் பெட்டியில் 130, 140 டிகிரிக்குக் கொண்டுபோய், கைடை அடித்து இறக்கிப் புதியது ஏற்ற வேண்டும். கேஸ் டார்ச் காட்டினால் ஹெட் கோணிவிடும், அப்படிச் செய்யும் கடைக்குக் கொடுக்காதீர்கள். பிறகு ரீமர், பிறகு சீட் வெட்டு.

ஐடிஐ வாத்தியார்
சனி, மாலை 5.30

நான் இதில் மாறுபடுகிறேன். கைடு மாறினால் அதன் மையம் நூலிழை நகரும், சீட்டைக் கட்டாயம் மறுபடி வெட்ட வேண்டும். அந்த வேலையைச் சரியாகச் செய்யும் கை அருகில் இருந்தால் லேத் நண்பர் சொல்வதே மேல். இல்லாவிட்டால் நல்ல சீட்டைக் கெடுப்பதைவிட, புது வால்வோடு 0.066இல் ஓட்டுவதை நான் விரும்புவேன். மேனுவல் இந்த இடத்தில் லிமிட்டை மட்டும் சொல்கிறது, எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று சொல்வதில்லை. அப்பா மாதம் எவ்வளவு ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தது.

கருப்பு ஸ்பேனர்
சனி, இரவு 9.50

வாத்தியார் சொன்ன சோதனையை இன்று செய்தேன். ஒரு 100 சிசி எஞ்சின் பெஞ்சில் இருந்தது, நான்கு நட்டையும் எப்போதும் போலக் கையால் இறுக்கிவிட்டு முள் ரெஞ்சில் பார்த்தேன். 18, 20, 27, 22. அந்த 27 சட்டத்துக்கு வெளிப்பக்கம் இருக்கும் நட்டு, அங்கே கைப்பிடி முழு வீச்சாகச் சுற்றும். உள்பக்கம் பாதிச் சுற்றுதான் கிடைக்கும், அதனால் குறைந்திருக்கிறது. இதை நான் இத்தனை வருஷம் யோசித்ததில்லை. கவர் போல்ட்டுக்கு இன்னும் கைதான், ஹெட்டுக்கு ரெஞ்ச் வாங்கப் போகிறேன். தம்பி, 5 முதல் 25 வரை உள்ள சின்ன ரெஞ்ச் ஒன்று என் மருமகனிடம் இருக்கிறது, திருச்சிப் பக்கம் என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐடிஐ வாத்தியார்
சனி, இரவு 10.15

நன்றி அண்ணே. நின்ற நட்டைத் தள்ளிப் பார்க்கும்போது முள் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும், ஆனால் நான்குக்கும் இடையில் உள்ள வித்தியாசம் உண்மையானது.

காவிரிக்கரை, 20ஐ ஒரே மூச்சில் வைக்காதீர்கள். குறுக்கு மறுக்காக முதலில் 8, பிறகு 14, பிறகு 20. கிளிக் வந்ததும் நிறுத்துங்கள், உறுதிப்படுத்த இன்னொரு கிளிக் அடித்தால் எண் கூடிவிடும். நான்கு நட்டும் வாஷரும் ஒரே மாதிரி இருக்காது. ஆயில் மேலே ஏறும் ஸ்டட்டுக்கு எந்த வாஷர் என்று படத்தில் பார்த்து வையுங்கள், மாறினால் நட்டு வழியே ஆயில் கசியும்.

காவிரிக்கரை
ஞாயிறு, இரவு 8.00

அண்ணனிடம் ரெஞ்ச் வாங்கிவிட்டேன், மிக்க நன்றி. அப்பா மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓட்டுவார். இங்கே சீட் வெட்டும் ஆளைக் கேட்டபோது கைடை டார்ச் வைத்துத்தான் எடுப்போம் என்றார், அதனால் கைடைத் தொடவில்லை. புது எக்ஸாஸ்ட் வால்வு, இரண்டு சீல், புது கேஸ்கெட். வால்வைப் பழைய சீட்டில் பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன், பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தும் கசியவில்லை. 8, 14, 20 முடித்து, ஆயில் 0.7 அளந்து ஊற்றினேன். ஹெட்டை மட்டும் பிரித்ததால் 0.9 கணக்கு வராது என்று எடுத்துக்கொண்டேன், சரிதானே?

நாளை காலை குளிர்ந்த எஞ்சினில் டேப்பட் இன்னொரு முறை பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்கிறேன். 1,000 கிலோமீட்டர் ஆனதும் எவ்வளவு ஆயில் வடிகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.

ஐடிஐ வாத்தியார்
ஞாயிறு, இரவு 8.25

0.7 சரி. ஹெட்டில் தங்கியிருந்தது போயிருப்பதால் கொஞ்சம் குறையலாம். மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்து குச்சியில் பார்த்துத் தேவையானால் மட்டும் சேருங்கள். குச்சியைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டுமா, திருகிப் பார்க்க வேண்டுமா என்பதும் அதே பக்கத்தில் இருக்கும்.